குடியிருக்குற வீட்டையே ஓனர் விக்கிறாரு, 80 லட்சத்துக்கு வாங்கவா வேணாமா?

மேடவாக்கம் மாப்ள:
மேடவாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட்டு, 1000 சதுர அடி, ஆறு வருஷ பில்டிங். வாடகை 22,000. ஓனர் 80 லட்சத்துக்கு விக்கப்போறேன், நீயே வாங்கிக்கிறியான்னு கேக்குறாரு. குடுத்த அட்வான்ஸ் ஒன்றரை லட்சத்தையும் சேத்தா 26 லட்சம் தேறும். அத இதுல போட்டா பத்து வருஷம் கழிச்சு எங்க நிப்பேன், போடாம வேற எதுலயாவது போட்டா எங்க நிப்பேன்?

சொந்தக்கூரை:
இதுல யோசிக்க என்ன ப்ரோ இருக்கு. 22,000 வாடகை, வருஷா வருஷம் ஆறு சதவீதம் ஏத்துவாங்கன்னு வச்சுக்கங்க, பத்து வருஷத்துல சுமார் 35 லட்சம் அடுத்தவன் பாக்கெட்டுக்குப் போயிருக்கும், கடைசில உங்க கையில ஒரு செங்கல் கூட மிஞ்சாது. இஎம்ஐ கட்டுனா அது உங்க வீட்டுக்குத்தான கட்டுறீங்க. கண்ண மூடிட்டு வாங்குங்க.

கணக்குப்புள்ள:
வாடகை 35 லட்சம் போகும்ங்கிறது சரிதான். ஆனா இஎம்ஐ முழுசும் வீட்டுக்குப் போகுதுன்னு சொன்னீங்கல்ல, அங்கதான் இடிக்குது. 80ல 16 இவரு போட்டா லோன் 64 லட்சம். எட்டரை சதவீதம், 20 வருஷம்னா இஎம்ஐ 55,541. மொத மாசம் அதுல 45,333 வட்டிக்கே போயிரும், கடன்ல கழியுறது பத்தாயிரத்துச் சொச்சம்தான். பத்து வருஷம் முடிய 66.6 லட்சம் கட்டியிருப்பாரு, கடன் குறைஞ்சது 19.2 லட்சம், இன்னும் 44.8 லட்சம் பாக்கி நிக்கும். மீதி 47 லட்சம் பேங்குக்குக் குடுத்த வாடகை. நம்பலன்னா எக்செல்ல இத அடிச்சுப் பாருங்க, பாக்கி வரும்:

```
=FV(8.5%/12,120,55541,-6400000)
```

ஊரப்பாக்கம் மாமா:
தம்பி, 2005ல ஊரப்பாக்கத்துல அரை கிரவுண்டு 4 லட்சத்துக்கு வாங்கிப்போட்டேன். அப்ப எங்க வீட்டுல எல்லாரும் காட்டுக்குள்ள பணத்த கொட்டுறான்னு திட்டுனாங்க. இப்ப 40 லட்சத்துக்குக் கேக்குறாங்க. பத்து மடங்கு! எந்த ஷேரு இப்படிக் குடுக்கும்? மண்ணு என்னைக்கும் கைவிடாது.

கணக்குப்புள்ள:
மாமா நல்ல காரியம் பண்ணிருக்கீங்க, ஆனா 20 வருஷத்துல பத்து மடங்குன்னா வருஷத்துக்கு 12 சதவீதம் சொச்சம். நல்ல ரிட்டன்தான், அதிசயம் இல்ல. அதவிட முக்கியம், நீங்க வாங்குனது மனை, அவரு கேக்குறது ஃப்ளாட்டு. மனை பழசாகாது, பில்டிங் பழசாகும். ஃப்ளாட்டுல அவருக்கு வர்ற மண்ணு யூடிஎஸ், அதாவது மொத்த மனையில பிரிக்காத பங்கு, அந்த அளவுக்குத்தான்.

சரி, கணக்கு. கையில இருக்குற 26ல 16 டவுன் பேமென்ட். ரீசேல்ங்கிறதால முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம், அது 7.2 லட்சம். மிச்ச 2.8 லட்சம் புரோக்கர், கபோர்டு, கிரில்லுன்னு போயிரும். அதாவது சாவி வாங்குன அன்னைக்கே 10 லட்சம் காணாமப் போயிருது, அது வீட்டு விலைல எங்கயும் ஏறாது. மாசாமாசம் இஎம்ஐயோட வீட்டு வரி, ரிப்பேர் சேத்து 57,000 ஆகும். மெயின்டனன்ஸ் எப்படியும் ரெண்டு பக்கமும் கட்டணும், அதனால அத விட்டுட்டேன்.

வாங்காத மாப்ள: அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் ஓனர்கிட்டயே கிடக்கும், 24.5 லட்சத்த இண்டெக்ஸ் ஃபண்டுல போடுறாரு. 12, 15ன்னு பில்டப் எல்லாம் வேணாம், 9 சதவீதம் போதும். பத்து வருஷத்துல 58 லட்சம் ஆகுது. டவுன் பேமென்ட்டும் பத்திரச் செலவும் ஃபண்டுல கிடந்திருந்தா இவ்வளவு ஆகியிருக்கும்ங்கிறத யாரும் வீட்டு விலைல சேத்துப் பாக்குறதில்ல. அதுபோக 57,000க்கும் வாடகைக்கும் உள்ள வித்தியாசம், மொத வருஷம் மாசம் 35,000, வாடகை ஏற ஏறக் குறைஞ்சு பத்தாவது வருஷம் 20,000. அத மாசாமாசம் எஸ்ஐபில போட்டா இன்னொரு 55.5 லட்சம். அட்வான்ஸையும் சேத்து 1.15 கோடி, எல்லாத்தையும் எடுத்தா வரி ஒரு 7 லட்சம் போகும், 1.08 கோடி கையில.

வாங்குன மாப்ள: வீடு வருஷம் 5 சதவீதம் ஏறுனா 1.30 கோடி. கடன் 44.8, புரோக்கர் 1.3 போக 84 லட்சம். வித்தா வர்ற வரியக்கூட நான் கழிக்கல. 24 லட்சம் பின்னாடி. 7 சதவீதம் ஏறுனா 1.11 கோடி, இவரு முந்திருவாரு. ரெண்டும் சமமாகுற இடம் கிட்டத்தட்ட ஆறே முக்கால்.

சொந்தக்கூரை:
5 சதவீதம்னு நீங்களே குறைச்சுப் போட்டுட்டு வீடு தோத்துருச்சுங்கிறீங்க. மேடவாக்கத்துக்கு மெட்ரோ வருது சார்! 7 என்ன 8 கூட ஏறும். அப்புறம் வீட்டு லோனுக்கு வரிச்சலுகை இருக்கே, அது எங்க?

கணக்குப்புள்ள:
ஏரியா 7 ஏறலாம், நான் மறுக்கல. ஆனா இந்த ஃப்ளாட்டுக்கு அப்ப வயசு 16 ஆகியிருக்கும். மாப்ள இன்னைக்கே ஒரு வேலை பண்ணலாம், அதே தெருவுல 15, 16 வருஷப் பழைய ஃப்ளாட்டு சதுர அடி என்ன விலைக்கு முடியுதுன்னு விசாரிங்க, விளம்பரத்துல போட்ட விலை இல்ல, முடிஞ்ச விலை. உங்களுது சதுர அடி 8,000. பழசு 6,500க்குப் போகுதுன்னா வயசுக்கு மட்டும் வருஷம் ரெண்டு சதவீதம் கழியுதுன்னு அர்த்தம். ஏரியா 7 ஏறுனாலும் உங்க வீடு 5தான். மெட்ரோவுக்கான விலைய ஓனர் ஏற்கனவே 80க்குள்ள சேத்துட்டாருன்னும் நினைக்கிறேன்.

வரி: புது ரெஜிம்ல குடியிருக்குற வீட்டு வட்டிக்கு ஒன்னும் கிடையாது. பழைய ரெஜிம்ல 2 லட்சம் வரைக்கும் உண்டு, ஆனா அதுல வாடகைக்காரருக்கும் ஹெச்ஆர்ஏ உண்டே. ஏறக்குறைய அடிச்சுக்கும்.

வாடகைவாசி வனிதா:
கணக்கெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. பத்து வருஷத்துல நாலு வீடு மாறுன ஆளு நான். போன தடவ காலி பண்றப்ப அந்த ஓனரம்மா சுவத்தத் தடவித்தடவி பாத்துட்டு, பையன் கிரேயான்ல ஒரு மூலையில கோடு போட்டதுக்கு பெயிண்டிங்னு ஒரு மாச வாடகையப் புடிச்சுக்கிட்டாங்க, சுத்தியல் அடிக்கக்கூடாதுன்னு காலண்டரையே ஜன்னல் கம்பியில மாட்டி வச்சிருந்த வீடு அது. புது வீட்டுக்கு புரோக்கருக்கு ஒரு மாசம், வண்டிக்கு 20,000, ஏசி கழட்டி மாட்ட தனி. இதெல்லாம் உங்க எக்செல்ல எந்தக் கட்டத்துல வரும் சார்?

கணக்குப்புள்ள:
வனிதாம்மா, நியாயம். அத நான் விட்டுட்டேன். ஒரு தடவைக்கு 70, 80 ஆயிரம்னு மூணு தடவ மாறுனா 2.5 லட்சம் கிட்ட, நடுவுல போறதால வளர்ச்சியோட சேத்துப் பாத்தா 4 லட்சம்னு கழிச்சுக்கலாம். 24 லட்ச வித்தியாசம் 20 ஆகும். அலைச்சலுக்கு விலை போட எனக்குத் தெரியாது.

சொந்தக்கூரை:
முக்கியமான ஓட்டைய நான் சொல்றேன். மாசம் 35,000த்த எவன் சார் பத்து வருஷம் விடாம எஸ்ஐபி போடுறான்? தீபாவளிக்கு நிறுத்துவான், மார்க்கெட் விழுந்தா பயந்து எடுப்பான், மச்சான் கல்யாணம்னு உருவுவான். இஎம்ஐன்னா பேங்கு கழுத்துல கத்தி வைக்கும், கட்டித்தான் ஆகணும்.

கணக்குப்புள்ள:
இந்த ஒரு விஷயத்துல நீங்க சொல்றதுதான் சரி, நானே ஒத்துக்குறேன். 58 லட்சம் வந்தது டவுன் பேமென்ட்ல இருந்து, 55 லட்சம் வந்தது மாச வித்தியாசத்துல இருந்து. எல்லாரும் டவுன் பேமென்ட்ட பத்தியே பேசுறோம், பாதி காசு இந்தப் பக்கம் இருக்கு. வித்தியாசத்துல பாதிய மட்டும் போட்டு மீதிய செலவழிச்சா, வரி போக 82 லட்சம். வீடு 84. சமம்! சுத்தமா போடலன்னா 55 லட்சத்துல நிப்பாரு, அப்ப வீடு வாங்குனவரு 29 லட்சம் முன்னாடி. அப்புறம், ஷேருக்கே பயம், எஃப்டிதான்னு சொல்ற ஆளா இருந்தா, 7 சதவீதம் வட்டில 30 சதவீத வரி போக 5க்கும் கீழ. முழுசா போட்டாக்கூட 85 லட்சம்தான் வரும். எஃப்டி ஆளு வீடு வாங்குனாலும் வாங்கலனாலும் பெருசா வித்தியாசம் இல்ல.

ஊரப்பாக்கம் மாமா:
அப்ப வாங்கலாம்ங்கிறீங்களா வேணாம்ங்கிறீங்களா?

கணக்குப்புள்ள:
மாமா, அது அவரு எப்படிப்பட்ட ஆளுங்கிறதப் பொறுத்தது. மாப்ள, ஒன்னு மட்டும் சொல்லுங்க. இப்பவும் 22,000 வாடகைதான குடுக்குறீங்க. 57,000 கட்ட முடியும்னா இப்பவே மாசம் 35,000 மிஞ்சணும். மிஞ்சுதா?

மேடவாக்கம் மாப்ள:
அண்ணே, நேத்து ராத்திரி ஸ்டேட்மென்ட்ட எடுத்து வச்சுப் பாத்தேன். எஸ்ஐபி 15,000, வீட்டுக்காரி சீட்டு 10,000. ஆக 25. மீதி பத்து எங்க போகுதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல, மாத்தி மாத்தி முறைச்சுக்கிட்டோம். 26 லட்சமும் ஏழு வருஷத்துல சேந்ததுதான்.

வாடகைவாசி வனிதா:
மீதி பத்து சாப்பாட்டு ஆப்லதான் போயிருக்கும், என் வீட்டுல அப்படித்தான். அந்தப் பத்தக் கண்டுபிடிக்காம இஎம்ஐல தலைய விட்டா மாசக் கடைசில கிரெடிட் கார்டத்தான் தேய்ப்பீங்க தம்பி.

சொந்தக்கூரை:
பத்து வருஷத்தோட ஏன் நிறுத்துறீங்க, அதச் சொல்லுங்க. 20 வருஷத்துல லோன் முடிஞ்சிரும், வாடகை ஏறிக்கிட்டே இருக்கும், அப்ப யாரு ஜெயிக்கிறான்னு பாருங்க.

கணக்குப்புள்ள:
பன்னெண்டாவது வருஷம் வாக்குல இருந்து வாடகை வேகமா இஎம்ஐ கிட்ட வரும், பதினேழு, பதினெட்டுல தாண்டும், அது உண்மைதான். ஆனா 20 வருஷம் முடியுறப்ப அந்த பில்டிங்குக்கு வயசு 26, லிஃப்ட்டு மாத்தணும், வாட்டர்ப்ரூஃபிங் பண்ணணும், இடிச்சுக் கட்டலாமான்னு அசோசியேஷன்ல சண்டை ஓடும். அதுக்குக் கணக்கு போட எனக்கு தைரியம் இல்ல.

மேடவாக்கம் மாப்ள:
பழைய ஃப்ளாட்டு விலைய விசாரிச்சேன். எதுத்த தெருவுல 17 வருஷ பில்டிங், போன மாசம் சதுர அடி 6,300க்கு முடிஞ்சிருக்கு. இத வச்சு ஓனர்கிட்ட 70க்குக் கேட்டேன். சிரிச்சாரு. 77க்குக் கீழ பேசாதன்னுட்டாரு. வேற பார்ட்டி ஞாயித்துக்கிழமை வீடு பாக்க வருதாம், ஹால நாந்தான் ஒழுங்குபண்ணி வைக்கணுமாம்.