இரவு ஷிப்ட் வருகை: மெஷின் ஒன்று சொல்கிறது, பதிவேடு ஒன்று சொல்கிறது

வணக்கம். சாயப்பட்டறை ஒன்றில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். இரவு ஷிப்ட் எட்டு முதல் எட்டு. ஒருவர் 11ஆம் தேதி இரவு 7.52க்கு விரல் வைத்தார். 12 காலை 8.06க்கு வெளியேறி, இரவு 7.55க்கு மறுபடி வந்தார். 13 காலை 8.02க்குப் போனார். பதிவேட்டில் இரண்டு இரவு. மெஷின் ரிப்போர்ட்டிலோ ஒரே நாள்! ஒவ்வொரு தேதியிலும் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் மட்டும் எடுப்பதால், வீட்டில் தூங்கிய 12ஆம் தேதி பகல் வேலையாகிவிட்டது. 11, 13 ஒற்றைப் பதிவு என்று ஆப்சென்ட்.

ரிப்போர்ட்டை விட்டுவிட்டு மூலப் பதிவை எக்செலில் இறக்கி, பதிவு நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தைக் கழித்துத் தேதி எடுத்தேன்:

```
=INT(A2-0.5)
```

ஜோடி சரியாகச் சேர்ந்தது. ஆனால் பகல் ஷிப்ட்காரர்களுக்கு இதைப் போட்டால் காலை வருகை முந்தைய நாளுக்குப் போய்விடும். வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறுபவர்களை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. கெமிக்கலில் கை உரிந்த நான்கு பேரின் ரேகையை மெஷின் எடுப்பதே இல்லை. அவர்களுக்குப் பதிவேடுதான். அதில் மாதம் முழுக்க 8.00, 8.00 என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருக்கிறது. மேஸ்திரி மாதக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பியதாகத்தான் தெரிகிறது. அதற்காக அவர்கள் சம்பளத்தைப் பிடிக்க மனம் வரவில்லை. கார்டா, அன்றன்றே கையெழுத்து வாங்கும் சீட்டா, உங்கள் இடத்தில் எது நடைமுறையில் நின்றது?