கடைசி நாளில் கட்டணத் தளம் முடங்கியது: தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் பதிவாளருக்கு எப்படி எழுதுவது?

புதுக்கரை
வணக்கம். வெளிநாட்டில் முதுகலை படிக்க வந்து இது முதல் செமஸ்டர். கட்டணம் செலுத்தக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை, இரவு 11.59 வரை. அன்று இரவு 9.40-க்குப் பல்கலைக்கழகத் தளத்தில் அட்டை விவரங்களைக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 504 Gateway Timeout என்று வந்து நின்றது. வேறு உலாவியில் திறந்தாலும் அதே கதைதான். 11.30 வரை விட்டுவிட்டு முயன்று பார்த்தேன். சனிக்கிழமை காலை 8.20-க்குத் தளம் ஒழுங்காகத் திறந்தது. முழுத் தொகையும் போய் ரசீதும் வந்துவிட்டது. திங்கட்கிழமை கணக்கைத் திறந்தால் தாமதக் கட்டணம் ஏறியிருக்கிறது. அதோடு, அடுத்த செமஸ்டர் பாடங்களைத் தேர்ந்தெடுக்க முடியாதபடி பதிவுத் தடை வேறு.

பதிவாளருக்கு எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் போய்விட்டது. அப்பா கல்விக் கடன் வாங்கியது முதல் நான் பகுதி நேர வேலை தேடுவது வரை எல்லாம் அதில் இருக்கிறது. இப்படியே அனுப்பலாமா?

வெயில்மரம்
தம்பி, முதலில் வங்கிச் செயலியைத் திறந்து வெள்ளிக்கிழமை இரவு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று பார். பணம் பிடித்திருந்தால் நீ கட்டியதாகத்தான் அர்த்தம். அதைக் காட்டிவிட்டால் அவர்கள் வாயைத் திறக்க முடியாது. கெஞ்சி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

புதுக்கரை
பார்த்தேன் அண்ணா. வெள்ளி இரவு 9.42-க்கு ஒரு பதிவு இருக்கிறது, ஆனால் 'நிலுவையில்' என்று காட்டுகிறது. சனிக்கிழமை கட்டியது தனியாக இருக்கிறது. அப்படியானால் இரண்டு முறை பிடித்துவிட்டார்களா?

கணக்குப்பிள்ளை மகள்
ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் கணக்குப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். இப்படிப்பட்ட மின்னஞ்சல்களைப் படிப்பதுதான் வேலை, ஆகையால் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் அந்த 9.42 பதிவு. வெயில்மரம் அண்ணா சொன்னதில் பாதி சரி. 'நிலுவையில்' என்றால் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கி வைத்திருக்கிறது, பல்கலைக்கழகத்துக்கு இன்னும் கொடுக்கவில்லை. தளம் பாதியில் அறுந்ததால் பணத்தை எடுத்துக்கொள்ளும் கட்டளை போயிருக்காது. பெரும்பாலும் சில நாட்களில் அது தானாக விடுபட்டுவிடும். எனவே அதைக் காட்டி 'நான் கட்டிவிட்டேன்' என்று எழுதினால், எங்கள் பக்கத்தில் பணம் வந்ததற்கான பதிவே இருக்காது. உங்கள் கடிதம் அங்கேயே நம்பிக்கையை இழந்துவிடும். அதே பதிவைக் காட்டி 'கெடுவுக்கு முன்பே முயன்றேன்' என்று எழுதினால் அதைவிட நல்ல சான்று கிடையாது. உங்கள் கையால் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைவிட வங்கியின் நேர முத்திரைக்கு மதிப்பு அதிகம்.

அடுத்தது அந்த 504. ஐந்தில் தொடங்கும் இத்தகைய எண்கள் வழங்கியின் பக்கத்துக் கோளாறைக் குறிப்பவை. உங்கள் கணினியோ அட்டையோ காரணம் இல்லை. அந்த எண்ணை அப்படியே எழுதுங்கள். 'தளம் வேலை செய்யவில்லை' என்று எழுதுபவர்கள் ஏராளம். எண்ணும் நேரமும் இருந்தால்தான் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டுச் சரிபார்க்க முடியும்.

ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதா? இருந்தால் வெட்டாமல் அனுப்புங்கள். பிழைச் செய்தியை மட்டும் அழகாக வெட்டி அனுப்புவார்கள். முகவரிப் பட்டையும் மூலையில் இருக்கும் கடிகாரமும் போய்விடும். அது எந்தத் தளம், எந்த நாள் என்று யாருக்குத் தெரியும்? இல்லையென்றால் உலாவியில் Ctrl+H அழுத்தி, வெள்ளி இரவு அந்தப் பக்கத்துக்குப் போன நேரங்கள் தெரியும்படி படம் எடுங்கள். அது பலருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டு பக்கக் கடிதத்தை ஒதுக்கி வையுங்கள். அப்பாவின் கடன் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதைப் படித்ததும் அலுவலருக்கு உங்கள் கோரிக்கை 'பண நெருக்கடி' என்ற கோப்புக்குப் போய்விடும். அதற்கு வேறு படிவம், வேறு குழு, வேறு காத்திருப்பு. உங்கள் வழக்கு அதுவல்ல. உங்களிடம் பணம் இருந்தது, நேரம் இருந்தது, தளம் இல்லை.

மழைக்கால நரி
எனக்கும் போன ஆண்டு இதேதான் நடந்தது அக்கா. கட்டணப் பக்கம் ஓடிபி கேட்டது. அது ஊரில் இருக்கும் பழைய எண்ணுக்குப் போய்விட்டது; அந்த சிம் இங்கே வேலை செய்யவில்லை. தளக் கோளாறு என்று எழுதினேன், மறுத்துவிட்டார்கள். ஆக, இதெல்லாம் எழுதிப் பயனில்லை என்பதுதான் என் கருத்து.

கணக்குப்பிள்ளை மகள்
இரண்டும் ஒன்றல்ல. உங்கள் விஷயத்தில் தளம் சரியாகத்தான் இருந்தது. உறுதிப்படுத்தல் வராததால் பரிவர்த்தனை தோற்றது. அலுவலகம் கட்டணப் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அந்த வேறுபாடு தெரியும். அங்கே வங்கி ஏற்கவில்லை என்று பதிவாகியிருக்கும்போது கடிதம் தளத்தைக் குறை சொன்னால், மறுப்பதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, புதிதாக வந்தவள், முதல் தடவை என்று கேட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். பல அலுவலகங்களில் முதல் தவறுக்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் உண்டு, எழுத்தில் இல்லாவிட்டாலும்.

மழைக்கால நரி
அதை யாராவது அப்போதே சொல்லியிருக்கலாம்!

கணக்குப்பிள்ளை மகள்
புதுக்கரை தம்பிக்கு ஒரு மாதிரி தருகிறேன். சாரம் தமிழில் இருக்கிறது. அவர்கள் மொழியில் எழுதும்போது இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். தலைப்பிலேயே மாணவர் எண், எந்தச் செமஸ்டர், என்ன கோரிக்கை என்பது வந்துவிட வேண்டும்.

> மதிப்பிற்குரிய பதிவாளர் அலுவலகத்தினருக்கு,
>
> இந்தச் செமஸ்டருக்கு என் கணக்கில் சேர்க்கப்பட்ட தாமதக் கட்டணத்தை நீக்கவும், பதிவுத் தடையை விலக்கவும் கேட்டு எழுதுகிறேன்.
>
> கெடு வெள்ளிக்கிழமை இரவு 11.59. அன்று இரவு 9.40-க்குக் கட்டணத் தளத்தில் முழுத் தொகையையும் செலுத்த முயன்றேன். பக்கம் 504 Gateway Timeout என்ற பிழையுடன் நின்றுவிட்டது. 11.30 வரை வேறு உலாவியிலும் முயன்றேன், அதே பிழை. 9.42-க்கு என் வங்கி அந்தத் தொகையை ஒதுக்கியது. ஆனால் பரிவர்த்தனை நிறைவேறவில்லை.
>
> மறுநாள் காலை 8.20-க்குத் தளம் செயல்பட்டதும் முழுத் தொகையையும் செலுத்திவிட்டேன். ரசீது எண் கீழே உள்ளது.
>
> பிழைப் பக்கத்தின் படம், வங்கிப் பதிவு, ரசீது மூன்றையும் இணைத்துள்ளேன். பாடப் பதிவு தொடங்கவிருப்பதால், தாமதக் கட்டணம் பற்றிய முடிவுக்கு நாளாகும் என்றால் தடையை மட்டும் முதலில் விலக்க முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். இதற்குத் தனிப் படிவம் இருந்தால் தெரிவிக்கவும்.

அவ்வளவுதான். கோபமும் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். 'தாமதமாகக் கட்டியதற்கு வருந்துகிறேன்' என்று மரியாதைக்காக எழுதுவது நம்மவர்களுக்குக் கைவந்த பழக்கம். படிப்பவருக்கு அது தவறை ஒப்புக்கொண்டதாகத் தெரியும்.

கடைசியிலிருந்து இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். தள்ளுபடிக்கு மேலதிகாரி கையெழுத்து தேவைப்படலாம். தடையைத் தற்காலிகமாக விலக்குவது பல இடங்களில் கீழ்நிலை அலுவலராலேயே முடியும். இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கேட்டால், இரண்டும் சேர்ந்து காத்திருக்கும்.

வெயில்மரம்
ஒதுக்கி வைப்பது, எடுத்துக்கொள்வது என்ற விஷயம் எனக்குப் புதிது. சரி, ஆனால் பதிவாளருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. துறைத் தலைவர், வெளிநாட்டு மாணவர் பிரிவு, கட்டணப் பிரிவு என்று எல்லாருக்கும் அனுப்பினால்தானே ஒருவராவது அசைவார்?

கணக்குப்பிள்ளை மகள்
வேண்டாம் அண்ணா. ஐந்து பெட்டிக்குப் போன கடிதத்தை ஐந்து பேரும் 'மற்றவர் பார்த்துக்கொள்வார்' என்று விட்டுவிடுவார்கள். பதிவாளர் பெயரில் அனுப்பி, கட்டணப் பிரிவுக்கு ஒரு நகல் வைத்தால் போதும். பல பல்கலைக்கழகங்களில் தாமதக் கட்டணத்தை நீக்கும் அதிகாரம் பதிவாளரிடம் இல்லை, கட்டணப் பிரிவிடம்தான் இருக்கிறது. சில இடங்களில் இரண்டும் ஒரே அலுவலகம். நகல் இருந்தால் கடிதம் மேசை மாறி அலையாது. பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்தே அனுப்புங்கள். சொந்த முகவரியிலிருந்து வந்தால், கணக்கு விவரங்களைப் பற்றிப் பதில் சொல்ல அவர்களுக்கு விதி இடம் கொடுக்காமல் போகலாம்.

புதுக்கரை
மிக்க நன்றி அக்கா. இன்னொரு சந்தேகம். பாடப் பதிவு வியாழக்கிழமை திறக்கிறது. அதற்குள் பதில் வராவிட்டால் அந்தத் தாமதக் கட்டணத்தைக் கட்டிவிடட்டுமா? கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

வெயில்மரம்
கட்டாதே. கையை விட்டுப் போன காசு திரும்பி வருவது சாமானியமா?

கணக்குப்பிள்ளை மகள்
இதில் நான் வேறு மாதிரி நினைக்கிறேன். தாமதக் கட்டணமும் ஒரு பாக்கிதான். அது கணக்கில் நிற்கும்வரை தடை போகாமல் இருக்க வாய்ப்புண்டு. வியாழக்கிழமை காலையில் நிரம்பிவிடும் பாடம் உங்களுக்கு முக்கியமா என்பதைப் பொறுத்தது. முக்கியம் என்றால், புதன்கிழமை மதியம் வரை காத்திருந்து, தொலைபேசியில் ஒருமுறை கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கட்டிய உடனே அதே மின்னஞ்சல் தொடரில் 'பதிவுக்காக மட்டும் செலுத்தினேன், கோரிக்கை அப்படியே இருக்கிறது, ஏற்கப்பட்டால் என் கணக்கில் வரவு வையுங்கள்' என்று எழுதுங்கள். நான் இருந்த இடத்தில் கட்டியவர்களுக்கும் திருப்பி வரவு வைத்திருக்கிறோம். எல்லா இடத்திலும் அப்படியா என்றால், கட்டணக் கொள்கைப் பக்கத்தில் 'மேல்முறையீடு' என்ற பகுதியைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். சில இடங்களில் அதற்குக் காலவரம்பும் இருக்கும்.

மழைக்கால நரி
நான் கட்டியது இன்றுவரை திரும்பவில்லை. ஆனால் நான் அப்படி ஒரு வரி எழுதவும் இல்லை.

புதுக்கரை
நேற்று காலை அனுப்பினேன். மாலையில் பதில் வந்தது: வெள்ளி இரவு தளத்தில் தடங்கல் இருந்ததைத் தொழில்நுட்பப் பிரிவு உறுதிசெய்திருக்கிறதாம், தடையை விலக்கிவிட்டார்கள். தாமதக் கட்டணம் பற்றிக் கட்டணப் பிரிவு தனியாக எழுதுமாம். அது இன்னும் கணக்கில் அப்படியே நிற்கிறது. 9.42 பதிவு மட்டும் வங்கிச் செயலியிலிருந்து மறைந்துவிட்டது, அது நல்ல செய்திதானே?

கணக்குப்பிள்ளை மகள்
நல்ல செய்திதான், ஒதுக்கிய பணம் விடுபட்டுவிட்டது. ஆனால் உங்கள் சான்றும் அதோடு மறைந்துவிட்டது. படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கட்டணப் பிரிவு மீண்டும் கேட்டால், பழைய மின்னஞ்சலைப் பார்க்கச் சொல்லாமல் அதையே திரும்ப இணைத்து அனுப்புங்கள்.