பொருள்: கிரய நிலையம், இலாப நிலையம் சரி, மூன்றாவதற்கு என்ன சொல்?

தர்ஷினி (கொழும்பு 6):
வணக்கம். பிஸ்கற் கொம்பனி ஒன்றின் முகாமைக் கைநூலைத் தமிழாக்குகிறேன். செலவுக்கு மட்டும் பொறுப்பான கிரய நிலையம், விற்பனைக்கும் செலவுக்கும் பொறுப்பான இலாப நிலையம் இரண்டும் இங்கு பழகிய சொற்கள். போட்ட மூலதனத்துக்கும் பொறுப்பான மூன்றாவதை 'முதலீட்டு நிலையம்' என்றால், வாசிப்பவர்கள் பங்குச்சந்தையில் காசு போடும் இடம் என்று நினைக்கிறார்கள். வேறு சொல் உண்டா?

நௌபல்:
மூன்றுக்கும் 'பிரிவு' போதும். கிரயப் பிரிவின் முகாமையாளர் பாதீட்டுக்குள் நின்றால் கெட்டிக்காரர், தாண்டினால் இல்லை. இலாபப் பிரிவுக்கு இலாபம், முதலீட்டுப் பிரிவுக்கும் இலாபம்தான், தொகை மட்டும் பெரிது.

சிவகுமாரன்:
நௌபல் தம்பி, முதல் பாதியை ஓரளவுக்கு ஒத்துக்கொள்ளலாம், ஆனால் எந்தப் பாதீடு? இரத்மலானைத் தொழிற்சாலை ஒன்றுக்கு மாதம் 10,000 பெட்டிக்கு 60 லட்சம் ரூபா பாதீடு என்று வையுங்கள். அதில் 20 லட்சம் நிலையானது, மிச்சம் பெட்டிக்கு 400 ரூபா. அந்த மாதம் 8,000 பெட்டிதான் செய்து 56 லட்சம் செலவழித்தால், 4 லட்சம் மிச்சம் பிடித்ததுபோல் தெரியும். 8,000 பெட்டிக்கு ஆகியிருக்க வேண்டியது 52 லட்சம். ஆகவே அவர் 4 லட்சம் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார். உற்பத்திக்கேற்ப நெகிழும் பாதீட்டோடு ஒப்பிடாவிட்டால், குறைவாகச் செய்பவருக்குத்தான் பாராட்டு.

அந்த 4 லட்சமும் அவர் தலையில்தானா என்றும் பார்க்கவேண்டும். கோதுமை மாவின் விலை ஏறியதால் வந்த பங்கு கொள்வனவுப் பிரிவுக்குரியது. மா வீணானதால் வந்ததுதான் தொழிற்சாலைக்குரியது. மட்டமான மா வாங்கியதால் வீணானது என்றால் அங்கே சண்டை தொடங்கும்.

நஸ்ரீன்:
அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சொல்லைவிடக் கணக்குத்தான் பிரச்சினை. வெள்ளவத்தையில் புடவைக்கடைக் கிளையொன்றைப் பார்க்கிறேன். விலையும் கடை வாடகையும் தலைமையகம் முடிவுசெய்வது. வருட முடிவில் தலைமையகச் செலவிலும் ஒரு பங்கை என் கிளையில் போட்டு, நட்டம் என்கிறார்கள். அப்ப எங்கட கிளை இலாப நிலையமா, இல்லையா?

சிவகுமாரன்:
பெயருக்கு இலாப நிலையம், நஸ்ரீன் மிஸ். விற்பனைக்கும் நேர்ச் செலவுக்கும் நீங்கள் பொறுப்பு. ஆனால் விலை உங்கள் கையில் இல்லாததால் அந்தப் பொறுப்பும் அரைகுறைதான். இரண்டு தொகைகளைத் தனித்தனியே காட்டச் சொல்லுங்கள். விற்பனையிலிருந்து சரக்கின் கிரயம், ஊழியர் மேலதிக நேரம், கழிவுத் துணி என்று நீங்கள் கூட்டிக் குறைக்கக் கூடியவற்றைக் கழித்தால் வருவது உங்களை மதிப்பிட. வாடகையையும் கழித்தால் வருவது கிளையை வைத்திருப்பதா மூடுவதா என்று முடிவெடுக்க. தலைமையகப் பங்கு இரண்டிலும் சேராது. கிளையை மூடினாலும் அந்தச் செலவு போகாதே.

இனி தர்ஷினியின் மூன்றாவது. இங்கே முகாமையாளர் சொத்து வாங்கவும் விற்கவும் ஒப்பமிடலாம். அதனால் இலாபத் தொகை மட்டும் போதாது. ஒரு பகுதியிடம் 20 கோடி ரூபா சொத்து, இலாபம் 5 கோடி, அதாவது 25%. 4 கோடிக்குப் புதுப் போறணை வாங்கினால், தேய்வு கழித்து வருடம் 80 லட்சம் கூடும், அது 20%. மூலதனத்துக்கு ஆகும் செலவு 15% என்றால் கொம்பனிக்கு நல்லதுதான். ஆனால் பகுதியின் வீதம் 5.8 ÷ 24, ஏறக்குறைய 24.2% ஆக இறங்கும். வீதத்தை வைத்து போனஸ் என்றால் எந்த முகாமையாளர் வாங்குவார்? எச்ச வருமானத்தை, அதாவது இலாபத்திலிருந்து சொத்தின் 15% மூலதனச் செலவைக் கழித்து மிஞ்சுவதைப் பாருங்கள்: முன்பு 5 − 3 = 2 கோடி, பிறகு 5.8 − 3.6 = 2.2 கோடி. இந்த அளவுகோலில் வாங்குவார்.

இன்னொரு பொறி: ஏட்டுப் பெறுமதி வருடாவருடம் தேய்வதால், பழைய போறணையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே வீதம் ஏறும்.

நௌபல்:
அப்ப எச்ச வருமானத்தையே எல்லாப் பகுதிக்கும் போடலாமே, சேர்?

சிவகுமாரன்:
மூலதனச் செலவைத் தாண்டி உழைக்கும் பெரிய பகுதிக்கு, அளவாலேயே அது பெரிதாக வரும். 20 கோடிப் பகுதியையும் 3 கோடிப் பகுதியையும் அதில் நேரே ஒப்பிட்டால் சின்னவர் பெரும்பாலும் தோற்பார். ஒவ்வொன்றையும் அதன் சொந்த இலக்கோடு ஒப்பிடலாம்.

சொல்லுக்கு என் முன்மொழிவு 'மூலதனப் பொறுப்பு நிலையம்'. நீளம்தான், ஆனால் பங்குச்சந்தை நினைவுக்கு வராது.

தர்ஷினி:
நீளம் அட்டவணைத் தலைப்பில் இடிக்கும் அண்ணா. பரீட்சைக்குப் படித்தவர்கள் 'முதலீட்டு நிலையம்' என்றே தேடுவார்கள். அதையே வைத்து, முதல் இடத்தில் மட்டும் 'சொத்துக்கும் பொறுப்பான பகுதி' என்று எழுதலாமா என்று யோசிக்கிறேன்.

நஸ்ரீன்:
நான் வாடிக்கையாளருக்குக் கடன் கொடுக்கிறேனே, அந்தக் கடன்பட்டோரும் சொத்துத்தானே? அப்ப நானும் மூன்றாவதா?

சிவகுமாரன்:
நல்ல கேள்வி. கடன் கொடுக்கும் முடிவு உங்களுடையது, மேலதிகப் பற்றின் வட்டியோ தலைமையகக் கணக்கில். அதனால் மூன்று மாதக் கடனில் விற்றாலும் உங்கள் இலாபம் அழகாகவே தெரியும். மூன்றாவது நிலையமாக மாற்றத் தேவையில்லை. கடன்பட்டோர் மீதிக்கு மாதாமாதம் ஒரு வட்டியை உங்கள் கிளையில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை வீதம் என்பதில் தலைமையகத்தோடு இழுபறி வரும், அதற்குத் தயாராயிருங்கள்.