கொல்லைப் படத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது?

அனுப்பியவர்: கணக்குப்பிள்ளை வீட்டுப் பேத்தி, சிங்கப்பூர்

அன்புள்ள சொந்தங்களுக்கு வணக்கம். சிராங்கூன் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருக்கும் தரைவீட்டின் கொல்லையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். ஊரிலிருந்து மாமனார் வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் பின்வாசல் படியில் பேப்பரோடு உட்கார்ந்தால் கணுக்காலில் கொசு பிடுங்குகிறது என்கிறார். நானும் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டேன், தண்ணீர் தேங்கிய இடம் எதுவும் தட்டுப்படவில்லை. பக்கத்துத் தெருவில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை வேறு கட்டியிருக்கிறார்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எங்காவது சந்தேகம் வந்தால் சொல்லுங்கள்.

---

அனுப்பியவர்: மேலத்தெரு வாத்தியார் மகன், துபாய்

அக்கா, இதில் தேடுவதற்கு என்ன இருக்கிறது? இடது ஓரச் சாக்கடையில் பச்சைப்பாசி படிந்திருக்கிறது. அதுதான் கொசுப்பண்ணை. துணி துவைக்கும் மேடைக்குப் பக்கத்திலும் வெள்ளையாகப் பளபளக்கிறது, அது தேங்கிய தண்ணீர். இரண்டையும் கழுவிவிட்டால் வேலை முடிந்தது.

---

அனுப்பியவர்: பெரியகடை வீட்டுப் பெரியவர், திருச்சி

பேத்திக்கு ஆசிகள். மாலையில் நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடம்மா. நம் ஊரில் மாட்டுக்கொட்டகைக்கே அதுதான் வைத்தியம். அங்கே நொச்சி கிடைக்காவிட்டால் எழுது, அடுத்த மாதம் வருகிறவர்களிடம் காயவைத்துக் கொடுத்து அனுப்புகிறேன். மாமனாருக்கு என் வணக்கம் சொல்.

---

அனுப்பியவர்: கொல்லன்பட்டறை வீட்டுப் பேரன், உட்லண்ட்ஸ்

தங்கச்சி, 17 வருடமாக இந்த ஊரில் கொசு ஒழிப்பு வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்.

பெரியப்பா சொல்லும் மூட்டம் பறக்கிற கொசுவைச் சற்று நேரம் விரட்டும். தண்ணீரில் நெளிகிற புழுவை அது ஒன்றும் செய்யாது. தங்கச்சி கேட்பது புழு இருக்கும் இடத்தை.

துபாய்த் தம்பி பாதி சரி. பாசி பிடித்த அழுக்குச் சாக்கடையிலும் கொசு வளரும். ஆனால் அது பெரும்பாலும் இரவில் வந்து காதோரம் ரீங்காரம் போடுகிற வகை. காலை வெளிச்சத்தில் சத்தமில்லாமல் கணுக்காலைத் தேடி வருவது டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் வகையாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதற்குத் தெளிந்த, அசையாத தண்ணீர் பிடிக்கும். சாக்கடையில் மண் அடைத்து, மேலே தெளிந்த நீர் நின்றால் அங்கேயும் முட்டையிடும் என்பதால் சாக்கடையை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

இப்போது படத்துக்கு வருகிறேன். நடுப்பகலில், வாசலில் நின்றபடி எடுத்திருக்கிறாய். ஊருக்கு அனுப்ப நல்ல படம். கொசு தேடுவதற்குத்தான் உதவாது. உச்சி வெயிலில் நிழல் எல்லாம் கருப்பாகிவிடுகிறது, நிழலுக்குள் நிற்கும் தண்ணீர் அந்தக் கருப்போடு கலந்துவிடுகிறது. அதோடு தூரத்திலிருந்து பார்த்தால் பாத்திரத்தின் பக்கவாட்டுதான் தெரியும், வாய் தெரியாது. நாங்கள் படத்தில் தண்ணீரைத் தேடுவதில்லை. வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும் வாய்களைத் தேடுவோம். 20 காசு நாணயத்தின் அகலத்துக்குத் தண்ணீர் நின்றாலே கொசுவுக்குப் போதும். அதை இரண்டு ஆள் தூரத்திலிருந்து எந்தக் கேமராவும் காட்டித் தராது.

அப்படிப் பார்த்ததில் மூன்று இடம் உறுத்துகிறது. ஒன்று, குழாயடியில் கவிழ்த்து வைத்திருக்கும் சிவப்பு வாளி. கவிழ்த்தாயிற்று என்று நிம்மதியாக இருப்போம். ஆனால் வாளியின் அடிப்பாகம் உள்வாங்கி, சுற்றிலும் ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு இருக்கும். கவிழ்த்ததும் அதுவே ஒரு தட்டு. உன் படத்தில் அந்தத் தட்டின் நடுவே ஒரு காய்ந்த இலை கிடக்கிறது. இரண்டு, சைக்கிள் மேல் போர்த்தியிருக்கும் தார்ப்பாய், கைப்பிடிக்கும் இருக்கைக்கும் நடுவே தொய்ந்திருக்கிறது. மூன்றாவதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கூரை விளிம்பைப் பெரிதாக்கிப் பார். மழைநீர் வடியும் தகரக் கால்வாயில் ஒரு செடி முளைத்துத் தலை நீட்டுகிறது. அதன் நேர் கீழே சுவரில் பழுப்பாக ஒரு கோடு இறங்குகிறது. செடி முளைத்திருந்தால் உள்ளே மண்ணும் சருகும் ஈரமும் இருக்கிறது. சுவரில் கறை என்றால் மழை பெய்யும்போது தண்ணீர் குழாய்க்குப் போகாமல் விளிம்பு தாண்டி வழிகிறது. கால்வாயின் உள்பக்கத்தைத் தரையிலிருந்து எடுக்கும் எந்தப் படமும் காட்டாது, ஆனால் வெளிப்பக்கம் இவ்வளவு சொல்கிறது.

மறுபடி படம் எடு. மழை பெய்த அன்று மாலை ஒரு முறை, இடையில் மழை இல்லாவிட்டால் மூன்றாம் நாள் அதே இடத்திலிருந்து இன்னொரு முறை. முட்டை கொசுவாக இங்கே ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். மறுநாளே காய்ந்துபோகிற குட்டையால் கெடுதல் இல்லை. மூன்றாம் நாளும் ஈரமாக இருப்பதுதான் நமக்கு வேண்டியது. துவைக்கிற மேடைப் பளபளப்பை மட்டும் ஓர் அடி தள்ளி நின்று இரண்டு படமாக எடு. தண்ணீரில் பட்ட வெளிச்சம் நீ நகர்ந்தால் கூடவே நகரும். வெள்ளைச் சிமெண்டோ பெயிண்டோ என்றால் இருந்த இடத்திலேயே இருக்கும்.

---

அனுப்பியவர்: கிணற்றடி வீட்டு மருமகள், லண்டன்

இதைப் படித்ததும் ஊரில் பூட்டிக் கிடக்கும் எங்கள் வீடு நினைவுக்கு வந்தது. போன மாதம் கொழுந்தன் அனுப்பிய படத்தில் பின்கட்டில் ஆட்டுக்கல் வெயிலில் கிடந்தது, பக்கத்தில் கொட்டாங்குச்சிகள் குவிந்திருந்தன. ஆட்டுக்கல் குழி காய்ந்துதான் இருக்கிறது. அப்படியானால் கவலையில்லைதானே அண்ணா?

---

அனுப்பியவர்: கணக்குப்பிள்ளை வீட்டுப் பேத்தி, சிங்கப்பூர்

அண்ணா, செவ்வாய்க்கிழமை நல்ல மழை. அன்று மாலையும் வெள்ளிக்கிழமையும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். மேடைப் பளபளப்பு இரண்டு படத்திலும் அதே இடத்தில் இருக்கிறது. அது யாரோ பூசிய ஒட்டுச் சிமெண்ட், தம்பி மன்னிக்கவும். தார்ப்பாய்க் குழியில் செவ்வாயன்று தண்ணீர் நின்றது, வெள்ளியன்று சுத்தமாக இல்லை. வாளியில் இருந்த இலை செவ்வாயன்று நடுவில், வெள்ளியன்று ஓரத்தில். காற்றில் நகர்ந்திருக்குமோ என்னவோ.

கூரைக் கால்வாயைப் பார்க்க இவர் ஒரு வழி செய்தார். துணி காயப்போடும் கம்பு நுனியில் கைப்பேசியைக் கட்டி, காணொளியை ஓடவிட்டு மேலே நீட்டினார். கைப்பேசி விழுந்துவிடும் என்று மாமனார் கீழே போர்வை பிடித்துக்கொண்டு நின்றார். காணொளியில் கருப்பாக, சருகு மிதக்கிறது. புழு இருக்கிறதா என்று தெரியவில்லை.

---

அனுப்பியவர்: கொல்லன்பட்டறை வீட்டுப் பேரன், உட்லண்ட்ஸ்

இலை காற்றிலும் நகரலாம், சரிதான். ஆனால் மழைக்குப் பிறகு மூன்று நாள் அது சுருளாமல் தட்டையாகவே இருக்கிறது. உலர்ந்த தட்டில் கிடந்திருந்தால் சுருண்டிருக்கும். மிதக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

புழுவைப் படத்தில் தேடாதே. அடித்தளம் கருப்பாக இருந்தால் எனக்கே தெரியாது. வாளித் தண்ணீரை ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றிப் பார். போகும்போது உன் நிழல் தண்ணீரில் விழாமல் போ. நிழல் பட்டால் புழுக்கள் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அசையாமல் ஒரு நிமிடம் காத்திருந்தால் மூச்சுவிட மேலே வந்துதான் ஆகவேண்டும்.

லண்டன் தங்கச்சி, காய்ந்த ஆட்டுக்கல்லைப் பார்த்து ஏமாந்துவிடாதே. ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டையிடாது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஈரமான சுவரில் ஒட்டும். கரிப்பொடி மாதிரி இருக்கும். தண்ணீர் வற்றினாலும் அவை மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, அடுத்த மழையில் பொரியும். படத்தில் குழிக்குள் வட்டமாக ஒரு கறைக்கோடு தெரிந்தால் தண்ணீர் வெகுநாள் நின்ற அளவு அதுதான். கொழுந்தனை அந்தக் கோட்டைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல், பிறகு கல்லை மழை படாத இடத்துக்கு நகர்த்தச் சொல். கொட்டாங்குச்சிகளை அடுப்புக்குக் கொடுத்துவிடலாம்.

---

அனுப்பியவர்: மேலத்தெரு வாத்தியார் மகன், துபாய்

சிமெண்டைத் தண்ணீர் என்று சொன்னது நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்திலேயே பூந்தொட்டிகளுக்கு அடியில் ஏழெட்டுத் தட்டுகள் இருக்கின்றனவே, அதைப் பற்றி அண்ணன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மணல் நிரப்பிவிட்டால் போதாதா?

---

அனுப்பியவர்: கொல்லன்பட்டறை வீட்டுப் பேரன், உட்லண்ட்ஸ்

நல்ல கேள்வி, தம்பி. நான் கவனிக்கத் தவறிவிட்டேன். தொட்டியின் நிழல் விழுவதால் தட்டு முழுக்கக் கருப்பாகத் தெரிகிறது, படத்தை வைத்து ஆம், இல்லை என்று சொல்ல முடியாது. மணலுக்கு மேல் தண்ணீர் நிற்காதவரை மணல் சரி. பெருமழையில் நின்றுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தட்டே வேண்டாம் என்பது என் கட்சி. செடி வளர்க்கிறவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

---

அனுப்பியவர்: கணக்குப்பிள்ளை வீட்டுப் பேத்தி, சிங்கப்பூர்

வாளித் தட்டில் ஆறு புழு. வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றியதும் எதுவும் இல்லை, அண்ணன் சொன்னபடி அசையாமல் நின்றேன், ஒன்றன்பின் ஒன்றாக நெளிந்துகொண்டு மேலே வந்து தலைகீழாகத் தொங்கின. வயிற்றைக் கலக்கிவிட்டது. தண்ணீரைக் காய்ந்த மண்ணில் ஊற்றிவிட்டு, வாளி விளிம்பைத் தேய்த்து, இப்போது உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். தொட்டித் தட்டுகளில் இரண்டில் தண்ணீர் இருந்தது, புழு இல்லை.

கூரைக் கால்வாய்க்கு வீட்டுக்காரரிடம் கம்புக் காணொளியை அனுப்பினேன். சனிக்கிழமை ஆள் அனுப்பிச் சருகை அள்ளுகிறேன் என்றார். அதுவரை உள்ளே புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்து போட வேண்டியது யார் பொறுப்பு என்று இன்னும் பேச்சு முடியவில்லை. மாமனாருக்குக் கடி குறைந்திருக்கிறது, நின்றபாடில்லை. நான் எடுத்த முதல் படத்தின் வலது மூலையில், மதிலுக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு நீலத் தார்ப்பாய் கொஞ்சம் தெரிகிறது. அதிலும் ஒரு தொய்வு இருக்கிறது. எப்படிப் போய்க் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

---

அனுப்பியவர்: பெரியகடை வீட்டுப் பெரியவர், திருச்சி

முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கேளம்மா. நொச்சியைக் கட்டி வைத்துவிட்டேன்.