வீடு கணவர் பெயரில். இல்லத்தரசிக்குப் பங்கு கேட்க எது சரியான வழி?

குடும்ப நல வழக்கு நடத்தும் நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். கட்சிக்காரருக்குத் திருமணமாகி 19 வருடம், வேலைக்குப் போனதில்லை. விவாகரத்து மனு நிலுவையில் இருக்கிறது. 2011-ல் வாங்கிய வீடு கணவர் பெயரில். முன்பணத்துக்கு இவருடைய 30 பவுன் நகையை விற்றார்கள். மீதி வங்கிக் கடன், தவணை கணவர் சம்பளத்தில் போனது.

இந்து திருமணச் சட்டம் 27-வது பிரிவு இங்கே உதவாது. அது திருமணத்தை ஒட்டி இருவருக்கும் பொதுவாக வந்த பொருளோடு நின்றுவிடும். 25-ல் கிடைப்பது ஜீவனாம்சம், பங்கு இல்லை (இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்). அதனால் குடும்ப நீதிமன்றச் சட்டம் 7-வது பிரிவின்படி, பாதி வீடு இவருடையது என்று அறிவிக்கக் கோரித் தனி வழக்குப் போட நினைக்கிறேன்.

கையில் இருப்பது 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தந்த தீர்ப்பு. மனைவி வீட்டைக் கவனித்ததால்தான் கணவரால் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, அதுவும் பங்களிப்புதான் என்று சொல்லி சமபங்கு கொடுத்தது. ஆனால் அது விவாகரத்தில் எழுந்த வழக்கு இல்லை. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடிக்கும்.

விவாகரத்து நடக்கும்போதே இதைக் காட்டிப் பங்கு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? நகை விற்ற ரசீதும் கிரையப் பத்திரமும் ஒன்பது நாள் இடைவெளியில் இருக்கின்றன. அந்தப் பணத்தை முதல் வாதமாக வைத்தால், 19 வருட வீட்டு உழைப்பு அந்த 30 பவுனுக்குள் சுருங்கிவிடுமோ என்பதுதான் என் தயக்கம். வீட்டை விற்காமலிருக்கத் தடை மனுவை வழக்கோடு சேர்த்தே போடுகிறேன்.