கலைச்சொல் தேவை: வார வரைபடத்தில் ஓடும் நீண்ட சராசரிக் கோடு

மாலதி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் அலுவலகச் சேமிப்புக் குழுவுக்காக இண்டெக்ஸ் ஃபண்ட் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மாதாமாதம் போகும் எஸ்ஐபி அதன்பாட்டுக்குப் போகட்டும். அதைத் தவிர கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்து, நிஃப்டி 50 ஒரு வாரத்தின் முடிவில் 200 வார நகரும் சராசரிக்குக் கீழே நின்றால் அதையும் ஃபண்டில் சேர்ப்பது என்பதுதான் விளக்க வேண்டிய முறை. "இருநூறு வார எளிய நகரும் சராசரி" என்று ஒவ்வொரு வரியிலும் எழுதினால் படிப்பவர்கள் களைத்துவிடுவார்கள். "நெடுஞ்சாலை" போல "நெடுஞ்சராசரி" என்று வைக்கலாமா? விலை அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதற்கு "சராசரி விலக்கம்" என்று யோசித்திருக்கிறேன். கருத்துச் சொல்லுங்கள்.

சேகர்:
நெடுஞ்சராசரி நன்றாக இருக்கிறது. ஆனால் 200 வாரம் என்பது எதற்கு? எல்லோரும் பார்ப்பது 200 நாள் சராசரி. வாரத்துக்கு ஐந்து வர்த்தக நாள், ஆக வார வரைபடத்தில் அது 40. நெடுஞ்சராசரி என்றால் 40 வாரம் என்றே வரையறுத்துவிடலாம். வார வரைபடத்தில் பொய்ச் சைகைகளும் வராது.

ரஹீமா:
சேகர் சார் சொன்னதைப் படித்ததும்தான் என் குழப்பம் புரிகிறது. என் ஆப்பில் SMA 200 போட்டு வைத்திருந்தேன். 1D-யை 1W என்று மாற்றியதும் கோடு விலையை விட்டு எங்கோ கீழே போய்விட்டது. ஆப்பில் ஏதோ பிழை என்று நினைத்தேன். அப்புறம் ஒரு சந்தேகம்: நிஃப்டி அந்தக் கோட்டை உடைத்துக் கீழே வந்தால் எஸ்ஐபியை நிறுத்திவிட வேண்டுமா? அம்மாவின் ஓய்வூதியப் பணமும் அதில் இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

இளங்கோவன்:
ரஹீமா, ஆப்பில் பிழை இல்லை. 200 என்ற எண் எந்த வரைபடத்தில் இருக்கிறதோ அந்த அளவில்தான் எண்ணும். நாள் வரைபடத்தில் அது ஏறக்குறைய பத்து மாதம். வார வரைபடத்தில் நான்கு ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஏறுகிற சந்தையில் நான்காண்டுச் சராசரி விலைக்கு வெகு கீழேதான் கிடக்கும். கோடு திடீரென்று தூரமாய் விழுந்தால் வரைபடத்தின் கால அளவு மாறியிருக்கிறது என்று பொருள்.

எஸ்ஐபியை நிறுத்துவது வேறு பேச்சு. கோடு உடைந்தால் வெளியேறுகிறவர்கள் போக்கைப் பின்பற்றுகிறவர்கள். மாலதி எழுதுவது நேர் எதிரான முறை, கீழே வந்தால் கூடுதலாக வாங்குவது. அம்மாவுக்கு அந்தப் பணம் விரைவில் தேவைப்படும் என்றால் இந்த இரண்டுமே அவருக்கானவை அல்ல.

சேகர், 40-உம் 200 நாளும் கிட்டத்தட்ட ஒன்று என்பது சரி. ஆனால் 2022-இல் நிஃப்டி 40 வாரச் சராசரியைக் கீழே உடைத்து, மேலே ஏறி, மறுபடி உடைத்தது. வார வரைபடம் சலசலப்பைக் குறைக்கும், ஒழிக்காது. அதே 2022 ஜூன் சரிவில் நிஃப்டி 15,200-ஐத் தொட்டபோதும் 200 வாரக் கோடு அதற்கு நன்றாகக் கீழேதான் இருந்தது. 40 அடிக்கடி கூப்பிடும், 200 அரிதாகக் கூப்பிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் படிப்பவர் பணத்தைத் தவறான நேரத்தில் போடுவார். "200 வார நெடுஞ்சராசரி" என்று எண்ணையும் வாரத்தையும் ஒட்டியே எழுதுங்கள்.

முத்துலட்சுமி:
புள்ளியியல் கற்பித்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். "சராசரி விலக்கம்" வேண்டாம். பள்ளிப் பாடநூலில் அது ஏற்கெனவே வேறொரு அளவையின் பெயர். கணக்குப் படித்த பிள்ளை கையேட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே தடுமாறும். "கோட்டு இடைவெளி" என்றால் போதாதா?

அப்புறம் மாலதி, "வாரத்தின் முடிவில்" என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். அதில்தான் பலர் சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன்.

இளங்கோவன்:
அம்மா சொல்வது மிகச் சரி. அதற்கு 2020 மார்ச்சைவிட நல்ல சான்று கிடையாது. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை நிஃப்டி 10 சதவீதம் விழுந்து வர்த்தகம் 45 நிமிடம் நிறுத்தப்பட்டது. அன்றைய தாழ்வு 8,555. மாலை முடிந்தது 9,955-இல். காலையில் வரைபடத்தைப் பார்த்தவருக்கும் மாலையில் பார்த்தவருக்கும் 1,400 புள்ளி வித்தியாசம். 200 வாரக் கோடு அப்போது 10,000-க்கு மேலே இருந்தது, ஆகவே வாரம் கோட்டுக்குக் கீழேதான் முடிந்தது, சைகை வந்துவிட்டது.

ஆனால் அந்த 9,955-இல் யாரும் ஃபண்ட் வாங்கியிருக்க முடியாது. சந்தை முடிவது 3:30-க்கு. அன்றைய என்ஏவி கிடைக்க 3 மணிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். ஆக உங்களுக்குக் கிடைப்பது அடுத்த வர்த்தக நாளின் விலை. திங்கள் 16-ஆம் தேதி நிஃப்டி 9,197-இல் முடிந்தது. இந்த முறை நமக்குச் சாதகமாக விழுந்தது. இன்னொரு முறை அதே திங்கள் மேலே துள்ளியிருக்கலாம்.

ஒதுக்கிய பணம் 60,000 ரூபாய், அதை 15,000-ஆக நான்கு வாரத்துக்குப் பிரித்தோம் என்று வையுங்கள். வாரம் கோட்டுக்குக் கீழே முடிந்தால் அடுத்த வாரத்தின் முதல் வர்த்தக நாளில் ஒரு பங்கு. மார்ச் 16-இல் 9,197, 23-இல் 7,610, 30-இல் 8,281. ஏப்ரல் 6 விடுமுறை என்பதால் 7-ஆம் தேதி 8,792. சராசரியாக 8,430 அளவில் வாங்கியிருப்போம். அடிமட்டத்தை யாரும் கணிக்கவில்லை, பிரித்துப் போட்டதுதான் வேலை செய்தது.

சேகர்:
ஒப்புக்கொள்கிறேன், 40-ஐயும் 200-ஐயும் ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. ஆனால் உங்கள் கணக்கில் ஒரு கேள்வி நிற்கிறது. 2020-க்குப் பிறகு நிஃப்டி அந்தக் கோட்டுக்கு வரவேயில்லை என்றால், அடுத்த அழைப்புக்காக ஒதுக்கிய பணம் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்குமே?

இளங்கோவன்:
கிடக்கும். 2024 செப்டம்பரில் நிஃப்டி 26,000-ஐத் தாண்டியது. 2025 ஏப்ரலில் 21,800-க்குக் கீழே சரிந்தபோதும் 200 வாரக் கோட்டைத் தொடவில்லை. 2021 தொடக்கத்தில் பணத்தை ஒதுக்கிவிட்டுக் காத்தவர் அந்த ஏற்றம் முழுவதையும் வெளியிலிருந்து பார்த்திருப்பார். அதனால்தான் எஸ்ஐபி முதலில், இது அதற்கு மேல் ஒரு சிறு பங்கு மட்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜப்பானின் நிக்கெய் 1989 முடிவில் 38,915. அடுத்து அது கோட்டுக்குக் கீழே போனபோது வாங்கியவர், 2003-இல் 7,600 வரை இறங்கியதையும் பார்க்க வேண்டியிருந்தது. பழைய உச்சம் திரும்பியது 2024-இல். கோட்டுக்குக் கீழே என்பதால் மலிவு என்று ஆகாது. கடந்த நான்காண்டுச் சராசரியைவிடக் குறைவு என்று மட்டும்தான் அந்தக் கோட்டுக்குத் தெரியும்.

ரஹீமா:
அப்படியானால் அம்மாவின் பணத்தை இதில் சேர்க்கவில்லை. என் எஸ்ஐபி தொடரும். ஒரு கேள்வி மட்டும்: கோட்டை நிஃப்டியில் போடுவதா, ஃபண்டின் என்ஏவியில் போடுவதா?

இளங்கோவன்:
நிஃப்டியில். வளர்ச்சித் திட்டத்தின் என்ஏவியில் டிவிடெண்டும் சேர்ந்துகொண்டே போகும், அதனால் அது தன் சராசரியை விட்டு இன்னும் சற்றுத் தள்ளியே ஓடும். நிஃப்டி கோட்டுக்குக் கீழே மூடிய வாரத்தில் என்ஏவி மேலேயே நிற்கக்கூடும். எதில் பார்க்கிறீர்களோ அதிலேயே எப்போதும் பாருங்கள்.

மாலதி:
எல்லோருக்கும் நன்றி. "200 வார நெடுஞ்சராசரி", "வாரமுடிவு" இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். கையேட்டு வரி இப்படி வருகிறது: "நிஃப்டியின் வாரமுடிவு 200 வார நெடுஞ்சராசரிக்குக் கீழே இருந்தால், அடுத்த வர்த்தக நாளில் ஒதுக்கிய தொகையில் கால் பங்கைச் சேர்க்கவும்." நிக்கெய் பற்றி ஒரு தனிப் பத்தியும் உண்டு.

"கோட்டு இடைவெளி"யில் இன்னும் எனக்கு மனம் ஒப்பவில்லை. விலை கோட்டுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அந்தச் சொல்லில் தெரியவில்லை. "மேல் இடைவெளி", "கீழ் இடைவெளி" என்று பிரிக்கலாமா?

முத்துலட்சுமி:
பிரிக்க வேண்டாம். கூட்டல், கழித்தல் குறி போட்டு சதவீதமாக எழுதுங்கள்.

சேகர்:
சதவீதம் என்றால் கோட்டின் மீதா, விலையின் மீதா? அதையும் சொல்லிவிடுங்கள் அம்மா.