நாலு பந்து ஆடியவர் முதலிடம்: இசட் ஸ்கோர் தரவரிசையில் என்ன கோளாறு?

பாலக்கோடு_ஸ்கோரர்: எங்க டென்னிஸ் பால் லீக்கில் 60 பேர். ரன், ஸ்ட்ரைக் ரேட், விக்கெட், எகானமி நாலையும் இசட் ஸ்கோராக்கிக் கூட்டினா, தொடர் முழுக்க 4 பந்தில் 12 ரன் மட்டும் அடிச்சவர் முதலிடம் வர்றார். ஏன்?

```
=(C2-AVERAGE(C$2:C$61))/STDEV.P(C$2:C$61)
```

அரூர்_ஆஃப்ஸ்பின்: இசட் ஸ்கோரை விடுங்க. ஒவ்வொரு பிரிவிலும் 1, 2, 3ன்னு இடம் போட்டுக் கூட்டுங்க. ஸ்ட்ரைக் ரேட்டுக்குக் குறைஞ்சது 30 பந்துன்னு வரம்பு வைங்க.

ஓசூர்_கணக்கு: வரம்பு பாதி மருந்துதாங்க. 29 பந்து ஆடினவர் வெளியே, 31 ஆடினவர் உள்ளே. இடம் போட்டா தூரம் மறைஞ்சிடும்: 310, 190, 188 ரன் எடுத்த மூணு பேரும் ஒரே இடைவெளியில நிப்பாங்க.

சூத்திரம் சரிதான். ஆனா அதுக்கு 4 பந்தும் 120 பந்தும் ஒண்ணு. ஆட்டக்காரர்களோட ஸ்ட்ரைக் ரேட் சராசரி 120, திட்ட விலக்கம் 30ன்னு வைங்க. 4 பந்துக்காரரோட ரேட் 300, அவருக்கு இசட் 6. 120 பந்தில் 180 அடிச்சவரோட ரேட் 150, அவருக்கு 1.

அதனால ரேட்டை முதல்ல ரன்னா மாத்துங்க. லீக்கின் மொத்த ரன்னை மொத்தப் பந்தால வகுத்தா 1.3 வருதுன்னு வைங்க. 4 பந்துக்காரர் எடுக்க வேண்டியது 5.2, கூடுதல் 6.8. 120 பந்துக்காரர் எடுக்க வேண்டியது 156, கூடுதல் 24. இந்தக் கூடுதலுக்குத்தான் இசட் போடணும். அதோட சராசரி 0, விலக்கம் 12ன்னா 0.57, 2.0ன்னு வரிசை நேராகிடும்.

அரூர்_ஆஃப்ஸ்பின்: பந்தே போடாதவருக்கு எகானமி என்ன போடுவீங்க?

ஓசூர்_கணக்கு: அதையும் மிச்சப்படுத்தின ரன்னா மாத்துங்க: போட்ட ஓவர் பெருக்கல் லீக் எகானமி, கழித்தல் கொடுத்த ரன். போடாதவருக்குத் தானா 0 வரும். இப்படிச் செய்தா குறியையும் திருப்ப வேண்டாம். எகானமியை அப்படியே எடுத்தா -1ஆல பெருக்கணும். மறந்தா அதிகம் அடி வாங்கின பவுலர் மேலே ஏறிடுவார்.

கிருஷ்ணகிரி_கபடி: எல்லாத்தையும் நூத்துக்கு மாத்துறதுதானே இது? நாங்க ரெய்டர், டிஃபெண்டர் ரெண்டு பேருக்கும் அப்படித்தான் செய்றோம்.

ஓசூர்_கணக்கு: இல்லைங்க. நூத்துக்கு மாத்துறப்ப அதிகம், குறைவு ரெண்டு எண்தான் அளவுகோல். ஒருத்தர் மட்டும் எகிறினா மத்தவங்க எல்லாம் அடியில ஒட்டிக்குவாங்க. இசட்ல அளவுகோல் எல்லாருடைய பரவலும். ஆனா ரெய்டரோட டேக்கிளை ரெய்டர்களுக்குள்ளேயே ஒப்பிடுங்க.

அரூர்_ஆஃப்ஸ்பின்: அப்போ கிரிக்கெட்லயும் அதேதான் நியாயம். பந்தே போடாத பேட்டருக்கு விக்கெட் பத்தியில மைனஸ் விழுது, அது தண்டனை.

ஓசூர்_கணக்கு: ஒரே பட்டியல்னா ஆல்ரவுண்டர் மேலே வரணும், அதனால மைனஸ் இருக்கட்டும்னு நான் சொல்வேன்.

அரூர்_ஆஃப்ஸ்பின்: ஒத்துக்க மாட்டேன். கேப்டன் பந்து கொடுக்காததுக்கு பேட்டர் என்ன செய்வார்?

பாலக்கோடு_ஸ்கோரர்: கூடுதல் ரன் பத்தியைப் போட்டுட்டேன், 4 பந்துக்காரர் இறங்கிட்டார். விக்கெட் பத்தியை ரெண்டு விதமாவும் போட்டுப் பார்க்கிறேங்க.